டி1-ல் 4 விநாடி, டி2-ல் 40 கிலோமீட்டர்

கரைமணல்

ஒலிம்பிக் தூரம், வாட்ச்சில் ட்ரையத்லான் மோட், நீச்சலிலிருந்து பைக்குக்கு மாறும் டி1, பைக்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் டி2 என இரண்டு டிரான்சிஷனும் ஆன். பந்தயம் முடிந்து ஃபைலைத் திறந்தால் வரிசை இப்படி இருக்கிறது: நீச்சல் 1.54 கி.மீ., டி1 4 விநாடி, பைக் 3 நிமிடம் 20 விநாடியில் 310 மீட்டர், டி2 1 மணி 14 நிமிடத்தில் 40 கி.மீ., பிறகு ஓட்டம்.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் லேப் அழுத்தியது சரிதான். நாலே விநாடியில் வெட்சூட்டின் கையை உருவியபோது ரப்பர் வாட்ச் மேல் சுருண்டு லேப் பட்டனை இன்னொரு தடவை அழுத்திவிட்டது. ஆக, டிரான்சிஷன் ஏரியாவில் நடந்ததெல்லாம் பைக் கணக்கில் ஏறியது. இன்னும் உறுத்துவது அதற்கு அடுத்த அழுத்தல். பைக்கில் ஏறும் மவுண்ட் லைனைத் தாண்டியதும் திரையைப் பார்க்காமல் பழக்கத்தில் அழுத்தியதுதான் 40 கிலோமீட்டரையும் டி2-க்குள் தள்ளியது. அங்கே கை சும்மா இருந்திருந்தால் போனது டி1 நேரம் மட்டும்தான். பைக் 310 மீட்டர் கூடுதலாக இருந்திருக்கும், மற்றதெல்லாம் சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

சக்கரம்_40

இதுக்கு ஆட்டோ லேப்தான் காரணம். செட்டிங்ஸ்ல போய் அதை ஆஃப் பண்ணுங்க, மூணு விளையாட்டுக்கும் தனித்தனியா ஆஃப் பண்ணணும். அப்புறம் செக்மெண்ட் தானா மாறாது. ஆட்டோ பாஸையும் அணைச்சிடுங்க, இல்லேன்னா டிரான்சிஷன்ல நிக்கும்போது டைமர் நின்னுடும்.

ஐந்தாம் துண்டு

ஆட்டோ பாஸ் பற்றிச் சொன்னது சரி. ஆட்டோ லேப் விஷயம் அப்படியில்லை. அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் செக்மெண்டுக்குள்ளேயே ஒரு கோடு போடுமே தவிர, விளையாட்டை மாற்றாது. மல்டிஸ்போர்ட் மோடில் விளையாட்டை மாற்றுவது கையால் அழுத்தும் லேப் பட்டன். தானாக மாறச் செய்யும் வசதி வேறு. சில கார்மின் வாட்ச்களில் அது Auto Sport Change என்ற பெயரில் இருக்கிறது, நீச்சல் முடிந்ததைக் கண்டுபிடித்து அடுத்ததற்குப் போகும். ஆப்பிள் வாட்ச்சில் 2022-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 9 முதல் மல்டிஸ்போர்ட் ஒர்க்அவுட் உண்டு, அதுவும் அசைவை வைத்துத் தானாக மாறும். தானாக மாறுவதையும் கையால் அழுத்துவதையும் ஒரே பந்தயத்தில் கலக்காதீர்கள். வாட்ச் ஏற்கெனவே மாறியிருக்கும்போது நீங்களும் அழுத்தினால் கரைமணல் சொன்ன அதே நிலைதான்.

கணக்கு எளிது. இரண்டு டிரான்சிஷனும் ஆன் என்றால் ஒரு ஸ்டார்ட், நான்கு லேப், ஒரு ஸ்டாப். டிரான்சிஷன் ஆஃப் என்றால் லேப் இரண்டுதான். ஆனால் எண்ணிக்கையை நம்பி அழுத்தக் கூடாது, திரையில் இப்போது என்ன ஓடுகிறது என்பதைப் பார்த்து அழுத்த வேண்டும். மவுண்ட் லைனில் திரை "பைக்" என்று காட்டினால் தொடவே வேண்டாம்.

வெட்சூட்டுக்கு ஒரு வழி உண்டு. தண்ணீரை விட்டு வந்ததும் அழுத்தாமல், வாட்ச் நீச்சலிலேயே ஓட, ஓடிக்கொண்டே கையை உருவுங்கள். ரப்பர் லேப்பை அழுத்தினாலும் வாட்ச் டி1-க்குத்தான் போகும், அதுதானே வேண்டும். அழுத்தாவிட்டால் கை வெளியே வந்தபின் நீங்கள் அழுத்துங்கள். கையை உருவ 30 விநாடி ஆனால் 1500 மீட்டர் நீச்சலில் 100 மீட்டருக்கு 2 விநாடி கூடும், அவ்வளவுதான். ஸ்டாப் பட்டன் அழுந்தினால் இது உதவாது. மல்டிஸ்போர்ட்டில் பட்டன்களைப் பூட்டும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ஆனால் பூட்டைத் திறப்பதை ஈரக் கையால் பழகியிருக்க வேண்டும்.

நீலத்தொப்பி

எனக்கும் இதே பிரச்சினை! வாட்ச்சில் ஒரே ட்ரையத்லானாகத்தான் முடித்தேன், ஸ்ட்ராவாவில் பார்த்தால் நீச்சல், பைக், ஓட்டம் என்று தனித்தனியாகக் கிடக்கிறது. எந்தப் பட்டன் தப்பாக அழுந்தியது?

ஐந்தாம் துண்டு

எதுவும் தப்பாக அழுந்தவில்லை. மல்டிஸ்போர்ட் FIT ஃபைல் ஒன்றுதான், அதற்குள் ஒவ்வொரு செக்மெண்டுக்கும் ஒரு செஷன் இருக்கும். ஸ்ட்ராவா அதை வாங்கி விளையாட்டுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுகிறது. வாட்ச்சின் சொந்தச் செயலியில் ஒரே பதிவாகத் தெரிந்தால் ரெக்கார்டிங் முழுதாக இருக்கிறது. கரைமணலுடையது வேறு பிரச்சினை.

மிதவை

லேப் அழுந்தினால் பரவாயில்லை என்பேன், ஸ்டாப் அழுந்துவதுதான் கொடுமை. வெட்சூட் உருவும்போது டைமர் நின்று, பைக்கில் 18-ஆவது கிலோமீட்டரில்தான் தெரிய வந்த ஒரு ஃபைலைப் பார்த்தேன். எண்கள் மேலோட்டமாகச் சரியாகவே தெரிந்தன, பைக் மட்டும் 22 கி.மீ. காட்டியது. பிடிபட்டது எங்கே என்றால், நேரத்தில். ஸ்டார்ட்டிலிருந்து முடிவு வரை கடிகாரத்தில் போன மொத்த நேரம் 2:51, டைமர் ஓடிய நேரம் 2:14. இடைவெளி 37 நிமிடம், அவ்வளவும் பதிவாகவில்லை. வரைபடத்தில் டிரான்சிஷன் ஏரியாவிலிருந்து 18-ஆவது கிலோமீட்டருக்கு நேர்கோடு ஒன்று ஓடுகிறது. அந்தத் துண்டில் இதயத்துடிப்பும் இல்லை, பவரும் இல்லை, எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது. லேப் தப்பானால் டேட்டா தப்பான பெட்டியில் இருக்கும், ஸ்டாப் தப்பானால் டேட்டாவே இருக்காது. பைக்கில் ஏறிய முதல் நிமிடத்தில் விநாடி ஓடுகிறதா என்று ஒரு பார்வை போதும்.

சக்கரம்_40

ஆட்டோ லேப் பத்தி ஏத்துக்கறேன். ஆனா தப்பா அழுத்தி டி2-க்குப் போயாச்சுன்னா, உடனே நிறுத்தி சேவ் பண்ணிட்டு, புதுசா பைக் மோட் ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம். பைக் பைக்காவே பதிவாகும்ல?

கரைமணல்

அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன். நிறுத்தினால் இரண்டு, மூன்று ஃபைல் ஆகும், பைக்கில் இருந்தபடி ஈரக் கையால் மெனுவுக்குள் போக வேண்டும். போகவிட்டால் ஒரே ஃபைல், பெயர் மட்டும் தப்பு. தூரமும் தடமும் இதயத்துடிப்பும் டி2 செஷனில் இருந்தன. எல்லைகள் தெரிகின்றன, ஆகவே பின்னால் திருத்தலாம்.

மிதவை

பைக்கில் தனியாக ஹெட் யூனிட், அதாவது சைக்கிள் கம்ப்யூட்டர், இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம், அது சுயமாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். வாட்ச்சின் திரையைப் பைக்கில் காட்ட மட்டும் அதைப் பயன்படுத்தினால் (கார்மினில் Extended Display) அந்தப் பாதுகாப்பு இல்லை, எல்லாம் வாட்ச்சை நம்பித்தான். அதனால் நிறுத்தாதீர்கள் என்பதே என் பக்கம்.

ஐந்தாம் துண்டு

பவரை வைத்துப் பயிற்சிச் சுமை கணக்கிடுபவர்களுக்கு டி2-வில் கிடக்கும் 40 கிலோமீட்டர் பைக்காக எண்ணப்படாது, அவர்களுக்குச் சக்கரம்_40 சொல்வது பொருந்தும். ஆனால் பந்தயத்தில் மெனுவைத் தட்டும் 20 விநாடி சாலையைப் பார்க்காமல் போகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சக்கரம்_40

மேட்டுல ஏறும்போது வேகம் குறைவா இருக்குமே, அப்ப பண்ணலாம்.

கரைமணல்

நம் பாதையில் மேடே இல்லை.