ஜனாஸா தொழுகையில் ஏன் யாருமே குனியவில்லை?

நெல்லைக்குமார்:
போன வாரம் என்கூட வேலை பார்க்கும் பாயின் அப்பா தவறிவிட்டார். பள்ளிவாசல் வரை போய் ஓரமாக நின்றிருந்தேன். தினமும் நெற்றி தரையில் பட விழுந்து தொழுகிறவர்கள், அன்றைக்கு மட்டும் நின்றபடியே முடித்துவிட்டார்கள். இறந்தவருக்கு இன்னும் கூடுதலாக அல்லவா விழ வேண்டும்? என்னைக் கேட்டால் எந்த மதமானாலும் நிற்பது முதல் படி, மண்டியிடுவது நடுப்படி, விழுவதுதான் உச்சம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

காயல்வாசி:
"இறந்தவருக்கு விழ வேண்டும்" என்கிறீர்களே, அந்த ஒன்றுதான் கூடாது. ஜனாஸா தொழுகை இறந்தவருக்காக இறைவனிடம் கேட்கிற துஆ, அதாவது பிரார்த்தனை. அவரை நோக்கிச் செய்வது அல்ல. மையித்து, அதாவது இறந்தவர் உடல், வரிசைக்கு முன்னால் கிடக்கிறது. அந்த இடத்தில் குனிந்தால் யாருக்குக் குனிந்தோம் என்ற சந்தேகம் வந்துவிடும்.

நீங்கள் பார்த்தது இதுதான். இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று நான்கு தக்பீர் சொல்வார். முதல் தக்பீருக்குப் பின் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா, இரண்டாவதற்குப் பின் நபி மீது ஸலவாத்து என்ற வாழ்த்து, மூன்றாவதற்குப் பின் இறந்தவருக்கான துஆ, நான்காவது முடிந்து கொஞ்ச நேரத்தில் ஸலாம். எங்கள் ஷாஃபி மத்ஹபின், அதாவது சட்டப்பிரிவின், வழக்கம் இது. ஹனஃபிகள் முதலில் ஓதுவது கொஞ்சம் மாறும். ஆனால் இடுப்பை வளைத்துக் குனிகிற ருகூவு, நெற்றி தரையில் பட விழுகிற ஸுஜூது இரண்டும் எந்த மத்ஹபிலும் கிடையாது.

பகுத்தறிவு72:
இதெல்லாம் அரண்மனைப் பழக்கம், அவ்வளவுதான். ராஜாவுக்கு முன்னால் நின்றார்கள், குனிந்தார்கள், விழுந்தார்கள். அதையே சாமிக்கும் செய்தார்கள். நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது: கோயில் என்றால் கோவின் இல். அரசன் வீட்டுக்கும் ஆண்டவன் வீட்டுக்கும் ஒரே சொல். இதில் ஆழமான பொருள் தேடுவது வீண் வேலை.

காயல்வாசிக்கு ஒரு கேள்வி. வெளியூரில் இறந்தவருக்கு காயிப் ஜனாஸா தொழுகிறீர்களே, அப்போது முன்னால் உடலே இல்லை. அப்போதாவது குனியலாமே?

காயல்வாசி:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். காயிப் தொழுகையிலும் ருகூவு இல்லை. நபி தொழுதுகாட்டிய முறை அப்படி என்பதுதான் சட்டம். நான் சொன்னது மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பிறகு அதற்குக் கொடுத்த விளக்கம். விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை.

பகுத்தறிவு72:
அப்படியானால் நான் சொன்னதுதானே? முதலில் பழக்கம், பிறகு காரணம்.

ஞாயிறு டீச்சர்:
பகுத்தறிவு சார் சொல்வதில் பாதி சரி. ஆனால் அரண்மனைப் பழக்கம் மட்டும்தான் என்றால், கடவுளுக்கு முன்னால் முழங்கால் போடாதே என்று சபையே தடுத்ததை எதில் சேர்ப்பீர்கள்? 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் 20 விதிகள் போட்டது. கடைசி விதி இதைப் பற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையிலும் சிலர் முழந்தாளிட்டு ஜெபிக்கிறார்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நின்றே ஜெபிக்க வேண்டும் என்கிறது.

அன்றைய கிறிஸ்தவர்களுக்கு முழங்கால் என்றால் தவம், பாவத்துக்கு வருந்துவது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள். எழுந்தவரைக் கொண்டாடும் நாளில் எழுந்துதான் நிற்க வேண்டும். ஆக குமார் போட்ட படிக்கட்டில் நிற்பதுதான் அங்கே மேல்படி.

கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் பார்க்கலாம். நோன்புக் காலத்தில் மதிய ஜெபத்தில் 40 தடவை விழுந்து எழுவார்கள். ஈஸ்டர் வந்ததும் அது நின்றுவிடும். ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தேயில்தான் மறுபடி முழங்கால். அந்த விழுதலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கும்பிடீல்'. நமக்குக் கும்பிடு என்றால் கைகூப்புவதோடு சரி, மலையாளத்தில் தரையைத் தொட வேண்டும்!

நெல்லைக்குமார்:
டீச்சர், எங்கள் தெரு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமையும் முழங்கால் போடுகிறார்களே?

ஞாயிறு டீச்சர்:
போடுகிறோம். அந்த விதியைக் கிழக்குச் சபைகள் காப்பாற்றின, நாங்கள் லத்தீன் வழிபாட்டுக்காரர்கள் விட்டுவிட்டோம். அப்பமும் ரசமும் இயேசுவின் உடலும் இரத்தமுமாக எழுந்தேற்றம் ஆகிற நேரத்தில் முழந்தாளிடுவது இப்போது எங்களுக்கு ஒழுங்கு. அங்கே அதற்குப் பொருள் வருத்தம் இல்லை, ஆராதனை. ஒரே முழங்கால்தான், நூற்றாண்டுகளில் பொருள் மாறிப்போயிற்று.

ஆனால் பழைய விதியின் தடம் ஓரிடத்தில் இருக்கிறது. குருப்பட்டத்தின்போது பட்டம் பெறுகிறவர் பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்திருக்க, புனிதர் மன்றாட்டுமாலை பாடுவோம். மற்ற நாட்களில் மக்கள் முழந்தாளிடுவார்கள். ஞாயிறிலோ, ஈஸ்டரிலிருந்து தொடரும் பாஸ்கா காலத்திலோ வந்தால் அவர் மட்டும் தரையில் கிடப்பார், நாங்கள் நிற்போம். என் தம்பி மகனுக்கு ஏப்ரலில் பட்டம் கொடுத்தார்கள். விவரம் தெரியாத எங்கள் பெரியம்மா பழக்கத்தில் முழங்கால் போட்டுவிட்டு, சுற்றிலும் எல்லாரும் நிற்பதைப் பார்த்துத் தடுமாறி எழுந்தார்.

ரிட்டயர்டு வாத்தியார்:
முழங்கால் என்று பார்த்ததும் ஓடி வந்தேன். எனக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகிவிட்டது. மடக்கித் தரையில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருமாள் கோயிலில் விழுந்து சேவிக்க முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எந்தத் தைலம் நல்லது?

காயல்வாசி:
ஐயா, தைலம் பற்றித் தெரியாது. எங்கள் பக்கத்து வழியைச் சொல்கிறேன். மூலநோயால் அவதிப்பட்ட ஒரு தோழரிடம் நபி சொன்னது: நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. என் வாப்பா நாற்காலியில்தான் தொழுகிறார். ருகூவுக்குக் கொஞ்சம் குனிவார், ஸுஜூதுக்கு அதைவிடக் கொஞ்சம் தாழக் குனிவார். நெற்றி தரைக்கு வராது, ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மட்டும் போகக் கூடாது.

மயிலை மருமகள்:
வாத்தியார் மாமா, கவலையை விடுங்கள். நான் தென்கலை வீட்டுப் பெண், வாழ்க்கைப்பட்டது வடகலை வீட்டில். எங்கள் அம்மா வீட்டில் ஒரு தடவை சேவித்தால் முடிந்தது. சரணாகதி ஒரு முறைதான், திரும்பத் திரும்பச் செய்தால் முதல் தடவையில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்பார் என் தாத்தா. புகுந்த வீட்டில் நாலு தடவை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சேவித்துவிட்டு எழுந்து நின்றேன். மாமியார் இன்னும் எதற்கோ காத்திருப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். குமார் அண்ணா கணக்குப்படி பார்த்தால் எங்கள் தாத்தாவுக்கு பக்தி கால் பங்குதான்!

சிவன் கோயிலிலும் கண்ட இடத்தில் விழக்கூடாது. கொடிமரத்துக்கு வெளியேதான். உள்ளே எந்தப் பக்கம் நீட்டினாலும் கால் ஏதாவது ஒரு சன்னதியைப் பார்க்கும். கிழக்கோ மேற்கோ பார்த்த கோயில் என்றால் தலை வடக்கே, வடக்கோ தெற்கோ பார்த்தது என்றால் தலை கிழக்கே. விழுவது எளிது, எங்கே விழக்கூடாது என்று தெரிவதுதான் கஷ்டம்.

நெல்லைக்குமார்:
சரி, படிக்கட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தாழ்வது என்றால் எல்லா ஊரிலும் பணிவுதானே? அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

காயல்வாசி:
அதை மறுக்கவில்லை. ஸுஜூதில் நெற்றி, இரண்டு கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதங்களின் விரல்கள் என்று ஏழும் தரையில் பட வேண்டும். அதைவிடத் தாழ உடம்பில் இடமில்லை. அதனால்தான் அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இவ்வளவு கறார்.

ஞாயிறு டீச்சர்:
யூதர்களிடம் இதில் ஒரு அழகு உண்டு. கால்களைச் சேர்த்து வைத்து நின்றபடி சொல்கிற அவர்களின் முக்கிய ஜெபத்தில் குனிய நான்கே இடம். ஒவ்வொரு ஆசிக்கும் குனிகிறவனுக்கு, வேண்டாம் என்று சொல்லிக்கொடு என்கிறது அவர்களின் சட்டநூலான தல்மூத். தலைமைக் குருவுக்கு இன்னும் அதிக இடங்களில் குனிய வேண்டும். அரசன் எல்லாரையும்விட அதிகம் குனிய வேண்டும். பகுத்தறிவு சார், உங்கள் அரண்மனை இங்கே தலைகீழாக நிற்கிறது.

பகுத்தறிவு72:
அரசனையும் அடக்க ஒரு பெரிய அரசன் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சரி, தலைமுக்காட்டுக்கு வாருங்கள். உடம்புக்கே இயல்பான பொருள் உண்டு என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். யூத ஆண் தலையை மூடினால் மரியாதை, கிறிஸ்தவ ஆண் தொப்பியைக் கழற்றினால் மரியாதை. குருத்வாராவில் மூடாமல் உள்ளே விடமாட்டார்கள். நம் கோயிலில் தலைப்பாகையை அவிழ்த்து, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். எது இயல்பு?

காயல்வாசி:
இதில் உங்கள் பக்கம்தான். எங்கள் ஊரில் தொப்பி போடாமல் பள்ளிவாசலுக்குள் வந்தால் பெரியவர்கள் முறைப்பார்கள். அதே பெரியவர் ஹஜ்ஜுக்குப் போய் அதற்கான இஹ்ராம் உடையைக் கட்டினால் ஆண் தலையை மூடவே கூடாது. கஅபாவுக்கு எதிரிலேயே வெறுந்தலையோடு தொழுகிறார். ஆணுக்குத் தொப்பி தொழுகையின் நிபந்தனை அல்ல. பெண் தொழும்போது தலைமுடி தெரியக் கூடாது என்பது வேறு, அது நிபந்தனை.

மயிலை மருமகள்:
பெண் என்றால் மட்டும் எல்லா இடத்திலும் நிபந்தனைதான். நம் கோயிலில் சுமங்கலி முக்காடு போட்டால், ஏன் அபசகுனமாக என்பார்கள். ராஜஸ்தானிலிருந்து வந்த என் சிநேகிதி முக்காடில்லாமல் சன்னதிக்குப் போக மாட்டாள். இருவரும் ஒரே பெருமாளைத்தான் சேவிக்கிறோம்.

ஞாயிறு டீச்சர்:
எங்கள் பழைய சட்டம், 1917இல் வந்தது, ஆண்கள் வெறுந்தலை, பெண்கள் முக்காடு என்றது. 1983இல் வந்த புதுச் சட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுக்காமல் நற்கருணை வாங்க வருகிற பாட்டி யாரும் இல்லை. அது பவுல் எழுதியபடி அடங்கி நடப்பதா, இல்லை அம்மா போட்டாள், நானும் போடுகிறேன் என்பதா? என் அம்மாவிடம் கேட்டேன். போடாவிட்டால் காது குளிர்கிறது என்றார்.

பகுத்தறிவு72:
இந்தத் திரியிலேயே நேர்மையான பதில் அதுதான்.

ஞாயிறு டீச்சர்:
சிரியுங்கள், ஆனால் அவர் பொய்யும் சொல்வார். திருப்பலிக்குப் பிந்திப் போனால் வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும் முக்காட்டை எடுக்க மாட்டார்.

நெல்லைக்குமார்:
அவசரமாக ஒரு சந்தேகம். அந்த பாய் வீட்டில் வெள்ளிக்கிழமை அவர் அப்பாவுக்காக ஓதுகிறார்களாம், கூப்பிட்டிருக்கிறார். தலையில் கட்டக் கைக்குட்டை கொண்டுபோக வேண்டுமா?

காயல்வாசி:
கட்டாயமில்லை. ஓதும்போது கட்டினால் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். பெரிய கைக்குட்டையாக எடுத்துப் போங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் கை துடைக்கவும் ஆகும்.