பொருள்: சுவரில் விழும் பிளாஷ் நிழலுக்கு ஒரு சொல் வேண்டும்

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படத்திருத்த மென்பொருள் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு பகுதி முழுக்க ஒரே சிக்கலைப் பற்றியது. ஒருவரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அருகிலிருந்து பிளாஷ் போட்டு முகப்படம் எடுத்தால், காதுக்கும் தோளுக்கும் பக்கத்தில் சுவரின் மேல் வெட்டி ஒட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை விழும். அதைப் படத்திலிருந்து எடுப்பது எப்படி என்பதுதான் பாடம். நான் தற்காலிகமாகக் ‘கடுநிழல் நீக்கம்’ என்று போட்டிருக்கிறேன். படிக்கும்போது ஏதோ இடறுகிறது. என்னவென்று பிடிபடவில்லை.

பாடத்தில் வரும் படத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிர்சாம்பல் சுவர், கறுத்த கூந்தல், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தது. பிளாஷ் இடப்பக்கம் போய்விட்டதால் நிழல் முகத்துக்கு வலப்பக்கம் விழுந்திருக்கிறது.

கதிர் எழுதியது:

பின்னிழல். ஆளுக்குப் பின்னால் விழுவதால் பின்னிழல், அவ்வளவுதான். நிற்பவரைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் வரச் சொன்னால் நிழலே தெரியாது. கையேட்டில் முதல் வரியாக அதைப் போட்டுவிடுங்கள், பாதிப் பாடம் மிச்சம்.

பர்வீன் எழுதியது:

எனக்கும் இதே தொல்லை உண்டு, செல்வி அக்கா. நான் கண்ணாடி அணிபவள். பிளாஷ் போட்டு எடுத்தால் சட்டத்தின் நிழல் கன்னத்தில் ஒரு கோடாக விழுகிறது, மூக்கின் நிழலும் உதட்டின் மேல் வந்து நிற்கிறது. கடுநிழல் என்ற சொல் எனக்குச் சரியாகவே படுகிறது. கன்னத்தில் விழும் அந்தக் கோட்டை எடுக்க இந்தப் பாடம் உதவுமா?

சுந்தரம் எழுதியது:

பர்வீன், நீங்கள் சொல்வது முகத்தின் மேலேயே விழும் நிழல். அதற்கு வழி வேறு, ஏனென்றால் தோலின் வளைவும் பளபளப்பும் அதில் சேர்ந்துகொள்ளும். சுவர் தட்டையானது, ஒரே நிறம். அதனால்தான் சுவரில் விழுந்ததைக் கணக்குப் போட்டே சரிசெய்ய முடிகிறது. உங்கள் கேள்வியால் ஒரு நன்மை: சொல்லில் ‘சுவர்’ என்பது எங்காவது வரவேண்டும் என்று தெரிகிறது.

செல்விக்கு எது இடறுகிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ‘கடு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு தனித்தனிக் குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருப்பது. இன்னொன்று, நிழல் மிகவும் கறுத்திருப்பது. இரண்டும் ஒரே காரணத்தால் வருவதில்லை.

விளிம்பை எடுத்துக்கொள்வோம். பிளாஷின் முகப்பு ஏறத்தாழ 7 செ.மீ. அகலம் என்று வைப்போம். ஆள் 80 செ.மீ. தொலைவில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் 20 செ.மீ.யில் சுவர். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும் ஓரப்பட்டையின் அகலம் 7 பெருக்கல் 20 வகுத்தல் 80, அதாவது ஒன்றே முக்கால் செ.மீ. இயற்பியலில் புறநிழல் என்கிறார்களே, அதுதான் இது. அதே இடத்தில் 60 செ.மீ. அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸ் வைத்தால் புறநிழல் 15 செ.மீ. ஆகிவிடும், விளிம்பு கரைந்து போகும். பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பினாலும் இதுதான் நடக்கிறது. கூரையில் ஒளி பட்டுப் பரவும் பரப்பு முழுவதும் விளக்காகிவிடுகிறது. பிளாஷின் மேல் மாட்டும் சிறிய பிளாஸ்டிக் மூடி அகலத்தை அதிகம் கூட்டுவதில்லை. அது சுற்றியிருக்கும் சுவர்களிலும் கூரையிலும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வீட்டுக்குள் கொஞ்சம் உதவுகிறது. திறந்தவெளியில் உதவாது.

கறுமை வேறு கதை. பிளாஷ் எட்டாத இடத்தில் அறை விளக்கின் ஒளி மட்டும் மிஞ்சுகிறது, அது எவ்வளவு குறைவோ நிழல் அவ்வளவு கறுப்பு. ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால் அறை ஒளி கூடுதலாகப் பதியும், பிளாஷ் ஒளி மாறாது. நிழல் தேறும், ஆனால் விளிம்பு முன்பு போலவே கூர்மையாக இருக்கும். ஆக, கறுமையைக் குறைத்தும் விளிம்பு நிற்கலாம், விளிம்பு கரைந்தும் கறுமை நிற்கலாம்.

கதிர், முன்னால் வரச் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் பாதிதான் உண்மை. விலகினால் விளிம்பு மென்மையாகும், சுவரும் சற்றுக் கறுக்கும். கூடவே நிழல் இடமும் பெயரும். பிளாஷ் லென்சுக்கு 12 செ.மீ. தள்ளி இருந்தால், மேலே சொன்ன நிலையில் நிழல் ஆளிடமிருந்து 3 செ.மீ. வெளியே எட்டிப் பார்க்கும். ஆளுக்கும் சுவருக்கும் ஒரு மீட்டர் விட்டால் அது 15 செ.மீ. ஆகிவிடும். பிளாஷ் லென்சுக்கு நேர் மேலே இருந்தால் அந்த 15 செ.மீ. கீழ்நோக்கிப் போய்த் தோளுக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்துவிடும். செல்வியின் படத்தில் போலக் கேமராவைத் திருப்பிப் பிடித்தால் அதே 15 செ.மீ. பக்கவாட்டில் வரும், இன்னொரு மங்கலான தலை போலத் தெரியும். விலகுவதோடு பிளாஷை மேலே கொண்டுவரவும் வேண்டும்.

எழில் எழுதியது:

ஐயா சொன்ன பிறகு ‘கடுநிழல்’ எனக்கும் பொருந்தவில்லை. இரண்டு குறைகளுக்கும் இரண்டு சொல் வேண்டும். விளிம்புக்கு முதலில் வன்னிழல், மென்னிழல் என்று நினைத்தேன், இணையாக அழகாக இருக்கின்றன. ஆனால் வன்னிழல் என்றதும் கறுப்பாக இருப்பதாகத்தான் மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே விளிம்பைப் பற்றிப் பேசும்போது ‘விளிம்புக் கூர்மை’, கறுமையைப் பற்றிப் பேசும்போது ‘நிழலாழம்’ என்று வெளிப்படையாகவே சொல்லலாம்.

நிழலுக்கே பெயர் என்றால், ஒரு பொருள் இன்னொரு பரப்பின் மேல் வீழ்த்தும் நிழலை ‘விழுநிழல்’ எனலாம். விழுந்த, விழுகிற, விழும் எல்லாவற்றையும் அடக்கும் வினைத்தொகை. சுவரில் விழுந்தால் சுவர் விழுநிழல், பர்வீன் கன்னத்தில் விழுந்தால் கன்ன விழுநிழல். படுகதிர் இருப்பதால் ‘படுநிழல்’ என்றும் யோசித்தேன், ஆனால் பேச்சில் ‘படு’ மிகுதியைக் குறிக்கும், மறுபடி கடுநிழலுக்கே போய்விடுவோம். ‘விழு’ என்பதற்குப் பழந்தமிழில் சிறந்த என்ற பொருளும் உண்டு, விழுப்புண்ணில் வருவது போல. இங்கே யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

செல்வி எழுதியது:

விழுநிழல் எனக்கு இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. மென்பொருளில் ‘ஷேடோஸ்’ என்றொரு நழுவி இருக்கிறது. அதை ‘நிழல்கள்’ என்று ஏற்கனவே பெயர்த்துவிட்டார்கள். படிப்பவர் நிழலை எடுக்க அதைத்தான் முதலில் ஏற்றுவார். ஆனால் அது படத்தில் கறுத்திருக்கும் எல்லாவற்றையும் ஏற்றும். கூந்தல் சாம்பலாகிறது, சட்டை வெளுக்கிறது, சுவரில் நிழல் அப்படியே வெளிறிய பட்டையாக நிற்கிறது. அதற்குக் ‘கருந்தொனி’ என்று மாற்றினால் குழப்பம் போகும்.

இனி வினைச்சொல். நீக்கம் என்றால் அழிப்பது போல இருக்கிறது. ஐயா, நீங்கள் கையால் செய்யும்போது உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

சுந்தரம் எழுதியது:

அழிப்பதில்லை. நிழலுக்குள் சுவர் அப்படியே இருக்கிறது, அதன் சொரசொரப்போடு. பிளாஷ் ஒளி மட்டும்தான் அங்கே இல்லை. இல்லாத ஒளியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பக்கத்துச் சுவரை நகலெடுத்து மேலே ஒட்டினால் ஒரே புள்ளி வடிவம் திரும்பத் திரும்பத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

செல்வி அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். நிழலை ஒட்டிய சுவரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 170. நிழலின் நடுவில் 95, 89, 74. இந்த எண்களை நேரடியாக வகுக்கக்கூடாது. படக்கோப்பின் எண்கள் கண்ணுக்கேற்ப வளைக்கப்பட்டவை. எஸ்ஆர்ஜிபி வளைவை நீக்கி ஒளியளவுக்கு மாற்றினால், சிவப்புக்கு மூன்றரை மடங்கு, பச்சைக்கு நான்கு மடங்கு, நீலத்துக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு ஒளி தேவைப்படுகிறது. நான்கு மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். நீலத்துக்கு ஏன் அதிகம்? நிழலுக்குள் இருப்பது அறையின் மஞ்சள் விளக்கொளி. வெறுமனே இரண்டு ஸ்டாப் ஏற்றினால் கறுப்புப் பட்டை போய் மஞ்சள் பட்டை வரும். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஒளியை ஏற்றிய அதே மாஸ்க்கில் வெண்சமநிலையையும் குளிர்ந்த பக்கம் தள்ள வேண்டும். சுவர் எண்ணை நிழலுக்கு மிக அருகிலேயே எடுங்கள், தள்ளிப் போகப் போகப் பிளாஷ் குறையும்.

அதைவிட நுட்பமானது மாஸ்க்கின் ஓரம். அதற்கு இரண்டு ஓரங்கள் உண்டு. ஆளின் பக்கம் நிழல் கூந்தலுக்குப் பின்னால் சட்டென்று தொடங்குகிறது, அங்கே ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். சுவரின் பக்கம் புறநிழல் இருக்கிறது, அங்கே அதே அகலத்துக்குக் கரைய வேண்டும். நம் படத்தில் தலையின் அகலம் 600 பிக்சல் என்றும், அது 15 செ.மீ. என்றும் கொண்டால், தலையிருக்கும் தொலைவில் ஒரு செ.மீ.க்கு 40 பிக்சல். சுவர் இன்னும் தள்ளி இருப்பதால் அங்கே 32. ஒன்றே முக்கால் செ.மீ. புறநிழல் என்பது 56 பிக்சல். கரைவு இதைவிடக் குறுகினாலோ, அகன்றாலோ, சற்று விலகி உட்கார்ந்தாலோ ஓரத்தில் ஒரு கறுத்த கோடு நிற்கும், அல்லது வெளுத்த வளையம் தோன்றும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் இரண்டும் உடனே கண்ணில் படும்.

நிழலின் மேல் பிரிந்து நிற்கும் முடியிழைகள்தான் எல்லை. இழையும் அதன் பின்னாலிருக்கும் நிழலும் ஒரே பிக்சலில் கலந்திருப்பதால் ஒளியைக் கொடுத்தால் இழையும் வெளுக்கும். அங்கே சிறிய தூரிகையோடு உட்கார வேண்டியதுதான். ரா கோப்பாக இருந்தால் இரண்டு ஸ்டாப் தாங்கும். அழுத்திய ஜேபெக் கோப்பில் கட்டங்களும் நிறப்புள்ளிகளும் மேலே வந்துவிடும், அப்போது அந்த இடத்தில் மட்டும் இரைச்சல் குறைப்பு கொஞ்சம் வேண்டும்.

அதனால் என் வாக்கு ‘ஒளியீடு’ என்பதற்கு. குறைந்த ஒளியை ஈடுசெய்வது.

கதிர் எழுதியது:

ஐயா, விலகுவது பற்றிச் சொன்னது புரிந்தது, நன்றி. பின்னிழலை விட்டுவிடுகிறேன். விலகினால் அது பின்னால் இல்லாமல் பக்கத்தில்தானே வந்து நிற்கிறது. ஆனால் ஒளியீடு என்று பொருளடக்கத்தில் போட்டால் யார் தேடி வருவார்கள்? நிழலை எப்படி எடுப்பது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ‘வெளியீடு’ என்று தவறாகவும் படிப்பார்கள்.

எழில் எழுதியது:

கதிர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘நீக்கம்’ என்று தலைப்பு வைத்தால் நகலொட்டும் கருவியைத்தான் கை தேடும். ‘ஒளிநிரப்பல்’ எப்படி? படம் எடுக்கும்போது துணை விளக்கால் நிழலை நிரப்புவதற்கும் அதையே சொல்லலாம்.

சுந்தரம் எழுதியது:

அதுதான் தயக்கம். எடுக்கும்போது நிரப்புவதும் எடுத்த பிறகு கணக்கிட்டு ஏற்றுவதும் ஒரே பெயரில் இருந்தால், கற்பவருக்கு எது எங்கே என்று மயக்கம் வரும். நிரப்பலை விளக்குக்கே விட்டுவிடலாம் என்பேன்.

செல்வி எழுதியது:

சரி, வரைவில் இப்படிப் போடுகிறேன். தலைப்பு ‘சுவர் விழுநிழலை எடுத்தல்’, தேடுபவர்களுக்காக. உள்ளே விளிம்புக் கூர்மை, நிழலாழம், கருந்தொனி, புறநிழல். மாஸ்க்குக்கு இரண்டு ஓரம் என்பதை ஐயாவின் எண்களோடு தனிப் பத்தியாக எழுதிவிடுகிறேன். செயலின் பெயரை மட்டும் ஒளியீடா ஒளிநிரப்பலா என்று காலியாக விட்டிருக்கிறேன். பர்வீன், கன்ன நிழலுக்குத் தனி இழை தொடங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தின் நிழல் தோலில் விழும்போது எண்கள் எப்படி வருகின்றன என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது. முடிந்தால் ரா கோப்பையே அனுப்புங்கள்.