கலைச்சொல் தேவை: ஊருக்கு ஊர் பொருள் மாறியும் ஐயம் எழுப்பாத சொற்கள்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அமைந்த குறும்படம் ஒன்றின் ஆங்கில சப்டைட்டில் கோப்பு என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தது. அதில் மகன் தொலைபேசியில் தன் தமக்கையிடம் "அம்மாவுக்குச் சரியான வருத்தம்" என்கிறான். தமிழ்நாட்டைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர், அம்மா மனம் நொந்திருப்பது நியாயம்தான் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முந்தைய காட்சியில் வீட்டில் சண்டை நடந்திருந்தபடியால் அந்த வரி பொருந்தவும் செய்தது. தமக்கை கேட்கும் "எப்ப தொடங்கினது?" என்ற கேள்விகூட அந்தப் பொருளுக்கு இடம் கொடுத்தது. சில நிமிடங்கள் கழித்து அம்மா மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பதைக் காட்டும்போதுதான், யாழ்ப்பாணப் பேச்சில் 'வருத்தம்' என்பது நோய் என்றும், 'சரியான' என்பது 'மிகவும்' என்றும் பொருள்படுவது வெளிப்படுகிறது.

'கெதியா', 'பேந்து' போன்ற சொற்களால் இந்தச் சிக்கல் வருவதில்லை. அவை தெரியாத சொற்கள். மொழிபெயர்ப்பாளர் நின்று விசாரிப்பார். 'வருத்தம்' தெரிந்த சொல்லாகத் தோன்றுவதால் அங்கே யாரும் நிற்பதில்லை. எங்கள் குழுவின் சொற்பட்டியலில் இத்தகைய சொற்களுக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்க விரும்புகிறேன். அதற்குத் தலைப்பாக ஒரு கலைச்சொல் வேண்டும்.

முத்துவேல்:

இதற்குப் புதிதாகச் சொல் ஆக்க வேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் 'பலபொருள் ஒருசொல்' என்று ஒரு வகையைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. 'வருத்தம்' என்ற ஒரு சொல்லுக்குத் துயரம், நோய் என இரு பொருள் இருந்தால் அது இவ்வகையில் அடங்கும். நிலத்தால் வந்த வேறுபாடு என்பதைச் சுட்ட வேண்டுமென்றால் 'திசைச்சொல்' இருக்கவே இருக்கிறது.

சிவநாதன்:

முத்துவேல் ஐயா காட்டும் இரண்டு வகைகளும் சிக்கலின் ஓரத்தைத் தொடுகின்றனவே அன்றி அதன் நடுவுக்கு வரவில்லை என்பது என் கருத்து. பலபொருள் ஒருசொல்லில், பேசுபவர், கேட்பவர் இருவருமே எல்லாப் பொருளையும் அறிந்தவர்கள். 'மா' என்றால் மரமா, விலங்கா என்று இடம் பார்த்துத் தெளிந்துகொள்வோம். இங்கே நிலைமை வேறு. இருவரும் ஆளுக்கு ஒரு பொருளை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். மற்றவருக்கு வேறொரு பொருள் உண்டு என்ற ஐயமே இருவருக்கும் எழுவதில்லை. திசைச்சொல்லுக்கு உரைகாரர்கள் தரும் சான்றுகளையும் பாருங்கள். தாயைக் குட்டநாட்டார் 'தள்ளை' என்பர் என்கிறார்கள். அது ஒரே பொருளுக்கு நிலந்தோறும் வேறு வேறு சொல் வழங்குவது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

மலர்விழி தந்த வரியோடு இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊரில் உரையாடுவதைக் 'கதைத்தல்' என்போம். பேச்சில் 'பேசுதல்' என்றால் பெரும்பாலும் திட்டுதல்தான். "அம்மா என்னைப் பேசினவ" என்றால் அம்மா திட்டினார் என்று பொருள். ஆனால் இந்த வரியில் இலக்கணம் ஒரு துப்புத் தருகிறது. உரையாடலாக இருந்தால் "என்னோடை" என்று வந்திருக்கும். "என்னை" என்ற இரண்டாம் வேற்றுமை வந்திருப்பதால், கவனமுள்ள தமிழ்நாட்டவர் ஏதோ உறுத்துகிறது என்று நின்றுவிடுவார். "அம்மாவுக்கு வருத்தம்" என்பதில் அந்தத் துப்பு கிடையாது. துயரம், நோய் ஆகிய இரண்டுமே 'கு' உருபையே ஏற்கின்றன. அதனால்தான் 'பேசு' இடறுவதைக் காட்டிலும் 'வருத்தம்' அதிகமாக இடறுகிறது.

'பெட்டை' என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது சிறுமி அல்லது இளம்பெண். நெருக்கமான பேச்சில் இயல்பாக வரும். தமிழ்நாட்டுக் காதுக்கு அது விலங்கின் பெண்பால். வாஞ்சையோடு சொன்ன வரி சப்டைட்டிலில் வசையாகிவிடும்.

ரியாஸ்:

எனக்கும் இதே சிக்கல்தான். யாழ்ப்பாணத்துப் பாத்திரம் "நான் போறன்" என்று சொன்னால், தமிழ் சப்டைட்டிலில் அப்படியே எழுத வேண்டுமா, "நான் போறேன்" என்று மாற்ற வேண்டுமா, "நான் போகிறேன்" என்று எழுத்து வழக்கில் போட வேண்டுமா? எங்கள் குழுவில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

மலர்விழி:

ரியாஸ், நீங்கள் கேட்பது வடிவத்தைப் பற்றியது. 'போறன்' என்பதை யாரும் தவறான பொருளில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.

கலைவாணி:

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சிக்கல் 'வெள்ளி'. மலேசியாவில் ரிங்கிட்டையும் சிங்கப்பூரில் டாலரையும் பேச்சில் வெள்ளி என்றே சொல்வோம். "வெள்ளிக்குள்ள ஐம்பது வெள்ளி கொடுத்திடு" என்ற வரியைச் சென்னையிலிருந்து ஒருவர் சரிபார்த்தபோது, சொல் தவறுதலாக இருமுறை வந்துவிட்டதென்று எண்ணி இரண்டாவதை நீக்கிவிட்டார். 'கம்பம்' என்று நாங்கள் சொல்வது மலாய் மொழியிலிருந்து வந்த சொல், கிராமம் என்று பொருள். "அவர் கம்பத்துல இருக்காரு" என்றால் தமிழ்நாட்டவர் தேனி மாவட்டத்துக் கம்பத்தை நினைத்துக்கொள்வார். இவையும் உங்கள் வகையில் சேருமா?

சிவநாதன்:

'வெள்ளி' ஐயத்துக்கு இடமின்றிச் சேரும். 'கம்பம்' வேற்றுமொழியிலிருந்து வந்து தற்செயலாக வடிவம் ஒத்துப்போன சொல். 'வருத்தம்' ஒரே வேரிலிருந்து பிரிந்தது. அகராதி செய்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். சப்டைட்டில் எழுதுபவர் இரண்டிலும் ஒரே விதமாகத்தான் ஏமாறுவார் என்பதால், இந்தப் பட்டியலுக்கு வேர் எதுவென்ற ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ரியாஸ் கேட்டதை அவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட முடியாது, மலர்விழி. இலங்கைச் செய்தித்தாள்களிலும் "அமைச்சர் வருத்தம் தெரிவித்தார்" என்றுதான் எழுதுகிறார்கள். எங்களில் யாரும் அதைப் படித்துவிட்டு அமைச்சருக்குக் காய்ச்சல் என்று நினைப்பதில்லை. எழுத்து வழக்கில் நமக்குள் பொருள் பிரியவில்லை, பேச்சு வழக்கில்தான் பிரிந்திருக்கிறது. வேற்றுமொழிப் படம் ஒன்றுக்கு எழுதப்படும் தமிழ் சப்டைட்டில் கோப்பு ஒன்றே எல்லா நாடுகளுக்கும் போகிறது. அதில் "நான் வருந்துகிறேன்" என்று எழுதினால் எங்கும் துயரம்தான். உயிரோட்டம் வேண்டுமென்று "எனக்கு வருத்தமா இருக்கு" என்று எழுதினால், யாழ்ப்பாணத்தவர் பாத்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்வார். அப்படியானால் சப்டைட்டில் எந்த வழக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே இந்தச் சொற்களின் ஆபத்து கூடவோ குறையவோ செய்கிறது.

மலர்விழி:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ரியாஸ், மன்னிக்கவும்; உங்கள் கேள்வியும் இந்த இழைக்கு உரியதே.

அப்படியானால் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சொல் இடம்பெறும் பேச்சு வரியை, காட்சி எதுவென்று சொல்லாமல், இரண்டு வட்டாரத்தவரிடம் தனித்தனியே காட்டி, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இருவரும் தயங்காமல் விடை சொல்லி, அந்த விடைகள் வேறுபட்டால் அது நம் பட்டியலுக்கு உரியது. ஒருவர் தயங்கினாலும் அதை வட்டாரச் சொற்களுக்கான பொதுப்பட்டியலில் சேர்த்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குடிநீரையும் 'வெள்ளம்' என்பார்கள். ஆனால் "குடிக்க வெள்ளம் கொடு" என்ற வரியைக் காட்டினால் மதுரைக்காரர் தயங்கிவிடுவார். "வீட்டுக்குள்ள வெள்ளம் இல்ல" என்று காட்டினால் தயங்க மாட்டார். ஆகவே சொல்லை மட்டுமல்லாமல் ஆபத்தான வரி ஒன்றையும் சேர்த்தே பதிய வேண்டும்.

இனிப் பெயருக்கு வருகிறேன். வேற்றுமொழிகளுக்கிடையே இப்படி ஏமாற்றும் சொற்களைப் 'போலி நண்பர்கள்' என்று சிலர் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அது ஒட்டவில்லை, மேலும் 'போலி' நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறது. 'இருவழக்குச் சொல்' என்று எண்ணிப் பார்த்தேன். பேச்சு, எழுத்து என்ற இரட்டை வழக்கோடு அது குழம்பிவிடும். என் முன்மொழிவு 'திசைமயங்கி'. கணினி, செயலி என்ற அமைப்பில் அது சுருக்கமாகவும் இருக்கிறது.

முத்துவேல்:

என் முதல் மடலில் நான் சுட்டிய வகைகள் பொருந்தவில்லை என்பதைச் சிவநாதன் ஐயா விளக்கியபின் மறுக்க முடியவில்லை. ஆனால் 'மயங்கு' என்ற பகுதி குறித்து ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் ல, ள, ழ போன்றவை 'மயங்கொலி' என்று சொல்லித்தரப்படுவதால் குழப்பம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. அங்கே ஒலி மயங்குகிறது, இங்கே வேறொன்று மயங்குகிறது. இரண்டும் ஒரே குடும்பத்துக் கலைச்சொற்களாக அமையும்.

சிவநாதன்:

'மயங்கி' நன்று, 'திசை'தான் எனக்கு உவப்பாக இல்லை. திசைச்சொல் என்ற கருத்தில், நடுவில் செந்தமிழ் நிலம் ஒன்று இருந்து பன்னிரு நிலங்கள் அதைச் சூழ்ந்தவை என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து 'வருத்தம்' திசைச்சொல் என்றால் சென்னை 'வருத்தம்' என்ன? நோக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டுமே ஏமாற்றுபவைதாம். 'வழக்குமயங்கி' என்றால் எந்த வழக்கும் நடுவிடம் பெறாது.

முத்துவேல்:

அந்தப் பன்னிரு நிலங்கள் எவை என்பதில் உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை, ஐயா. அதை வைத்து ஒரு நல்ல சொல்லைத் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும் 'வழக்கு' என்றதும் பலருக்கு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

கலைவாணி:

சிவநாதன் ஐயா சொல்வதே எனக்கும் ஏற்பாக இருக்கிறது. எங்கள் 'வெள்ளி'யை எந்தத் திசையில் வைப்பீர்கள்? சொற்பட்டியலில் நீதிமன்றக் குழப்பம் வர வாய்ப்பில்லை; மயங்கி என்பது பின்னாலேயே வருகிறதே.

ரியாஸ்:

காதுகேளாதோருக்கான தமிழ் சப்டைட்டிலில் என்ன செய்வீர்கள்? அங்கே பாத்திரம் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. 'வருத்தம்' என்றே எழுதினால் தமிழ்நாட்டில் படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்வார். வரி ஐந்தாறு விநாடிதான் திரையில் நிற்கிறது. குறிப்புப் போட இடமும் இல்லை.

சிவநாதன்:

சொன்ன சொல் நிற்க வேண்டும். 'நோய்' என்று திருத்தினால் உதட்டசைவைப் படிப்பவருக்கு அது பொய்யாகத் தெரியும். பேச்சுக்கு உரியவனிடமிருந்து அவன் மொழியைப் பறிப்பதும் ஆகும்.

மலர்விழி:

நான் அவ்வளவு உறுதியாக இல்லை. படத்தின் பிற்பகுதியில் பொருள் தானாக விளங்குமென்றால் அப்படியே விடலாம். அந்த ஒரு வரியில்தான் கதை திரும்புகிறது என்றால், இயக்குநரைக் கேட்டுவிட்டு, 'வருத்தம்' என்பதை வைத்துக்கொண்டே பக்கத்து வரியில் பொருளைத் தெளிவாக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்தப் படத்தில் "எப்ப தொடங்கினது?" என்பதை "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று எழுதலாமா என்றால், அவள் காய்ச்சல் என்று சொல்லவில்லை. ஆகவே இங்கே அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

பத்தியின் தலைப்பை இப்போதைக்கு 'வழக்குமயங்கி' என்று வைக்கிறேன். முத்துவேல் ஐயாவின் மறுப்பைக் குறிப்பில் பதிகிறேன். முதல் பதிவுகள்: வருத்தம், சரியான, பேசு, பெட்டை, வெள்ளி. 'வெள்ளம்', 'கம்பம்' இரண்டையும் அவற்றுக்குரிய ஆபத்தான வரிகளோடு சேர்க்கிறேன்.

முத்துவேல்:

'விளங்கு' என்ற சொல்லை எங்கே வைப்பீர்கள்? இலங்கையில் "விளங்கேல்லை" என்றால் புரியவில்லை. தமிழ்நாட்டில் "இது விளங்காது" என்றால் உருப்படாது. ஆனால் எங்கள் தென்மாவட்டங்களில் இரண்டு பொருளும் ஒரே வாயில் வரும். உங்கள் சோதனையில் திருநெல்வேலிக்காரரைக் கேட்டால் ஒரு விடை, சென்னைக்காரரைக் கேட்டால் வேறு விடை.

மலர்விழி:

நல்ல கேள்வி, ஐயா. அதற்கான பதிவை வெற்றாக விட்டிருக்கிறேன். திருநெல்வேலி, யாழ்ப்பாணம், சென்னை மூன்றிலும் அந்த வரிகளைக் காட்டிக் கேட்க ஆள் தேடுகிறேன். விடைகள் வந்ததும் இங்கேயே இடுகிறேன்.