'கன்பவுடர் எம்பயர்': தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

உலக வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். துருக்கியின் உஸ்மானியர், பாரசீகத்தின் சஃபாவியர், நம் முகலாயர் மூவரையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'கன்பவுடர் எம்பயர்ஸ்' என்கிறார்கள். 'வெடிமருந்துப் பேரரசு' என்று எழுதினேன், உறுத்துகிறது. பீரங்கி வந்தபின் மதில்கள் ஊரைக் காக்கவில்லை, பீரங்கி வைத்திருந்த சிலர் மற்றவர்களை விழுங்கிப் பெரிதானார்கள் என்பதுதான் கருத்து. 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரே ஒரு ராட்சதப் பீரங்கி ஆயிரம் ஆண்டு மதிலை இடித்துத் தள்ளியதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல சொல் தாருங்கள்.
– வா.

---

வா. அவர்களுக்கு,

உரிமம் பற்றிய கேள்வி என்று நினைத்துப் பதில் எழுதுகிறேன். நான் கல்குவாரியில் மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் தாள்களில் வெடிமருந்து என்றால் ஜெலட்டின் குச்சியும் அடங்கும். வெடியுப்பு, கந்தகம், கரி சேர்த்து இடிப்பதை மட்டும் கருமருந்து என்போம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும்.
– மு.

---

வா. தம்பிக்கு,

அந்தப் பீரங்கியைத் தனியாக நிறுத்தாதீர்கள். அதை வார்த்த ஓர்பான் முதலில் அந்த நகரை ஆண்ட பைசாந்தியப் பேரரசரிடம்தான் போனார். கேட்ட கூலியை அவரால் கொடுக்க முடியவில்லை. முற்றுகையிட்ட உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கொடுத்தார். எடிர்னே நகரில் வார்த்து, அறுபது எருதுகள் பூட்டி, பாதையைச் செப்பனிட்டுக்கொண்டே இழுத்து வந்தார்கள். எறிந்த கல் ஐந்நூறு கிலோவுக்கு மேல். ஆனால் ஒரு முறை சுட்டால் குழல் ஆற வேண்டும், விரிசல் விடாமலிருக்க எண்ணெய் ஊற்ற வேண்டும். நாளொன்றுக்கு ஏழு முறை சுட்டாலே அதிகம்.

சுற்றிலும் சிறிய பீரங்கிகள் பல இருந்ததால்தான் மதில் சிதைந்தது. ஒரே இடத்தில் அடிக்காமல் முக்கோணமாக மூன்று இடத்தில் அடியுங்கள் என்று ஹங்கேரியத் தூதர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாக அக்கால வரலாற்றாசிரியர் டூக்காஸ் எழுதுகிறார். உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. இரவில் மரக்கட்டைகளையும் மண் நிரப்பிய பீப்பாய்களையும் இடிந்த இடத்தில் அடுக்கினார்கள். கல் உடையும், மண் குண்டை வாங்கிக்கொள்ளும். ஏப்ரல் 6-ல் தொடங்கிய முற்றுகை மே 29-ல் ஆட்கள் நேரடியாக ஏறித்தான் முடிந்தது.

என் பார்வையில் இங்கே பெரிய விஷயம் கூலி. வெண்கலம், வார்ப்புக்காரர், எருதுகள், இவ்வளவுக்கும் காசு வைத்திருந்தவர் மிகச் சிலர். மதிலுக்குள் பதுங்கியிருந்த குறுநில மன்னர்களால் அது முடியாது. ஆகவே 'பீரங்கிப் பேரரசு' என்பேன்.
– க., ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை

---

அம்மா, நான் திண்டிவனம் பக்கம். எங்கள் செஞ்சியைப் பாருங்கள். 1690-ல் சுல்ஃபிகர் கான் முகலாயப் படையோடு வந்து முற்றுகையிட்டார், கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! மூன்று மலைகளையும் இணைத்து மதில். பீரங்கி மதிலை ஒழித்தது என்பதை நாங்கள் எப்படி ஒப்புக்கொள்வது? 'பேரரசு' சரி, 'பீரங்கி' வேண்டாம்.
– செ.

---

செ. அவர்களுக்கு,

நியாயமான மறுப்பு. மலைக்கோட்டை என்றாலே கதை வேறு. ராஜஸ்தானின் சித்தோர் கோட்டை எனக்கு நினைவுக்கு வருகிறது. 1567-ல் அக்பர் அடிவாரத்தில் இறங்கியபோது, மேலே இருந்த மதிலைக் கீழிருந்து சுட்டு உடைக்க முடியவில்லை. அதனால் கூரை போட்ட வழி அமைத்து, அதன் மறைவில் மெல்ல மெல்ல மேலே நகர்ந்தார்கள். மதிலுக்கு அடியில் குழி தோண்டி இரண்டு இடத்தில் மருந்தை நிரப்பித் திரி வைத்தார்கள். ஒன்று முதலில் வெடித்தது. உடைப்பு கிடைத்தது என்று படையினர் உள்ளே பாய்ந்த நேரத்தில் மற்றது வெடித்தது. அக்பரின் ஆட்கள் சுமார் இருநூறு பேர் மாண்டார்கள். 1568 பிப்ரவரியில்தான் கோட்டை பிடிபட்டது.

அதை எழுதும்போதே என் சொல் எனக்கே இடிக்கிறது. அந்தக் குழிகளில் பீரங்கி எங்கே இருக்கிறது? 1514-ல் உஸ்மானியர் சஃபாவியரை வென்ற சால்டிரானிலும் 1526-ல் பாபர் வென்ற பானிபட்டிலும் திறந்த வெளியில் துப்பாக்கிக்காரர்களும் நின்றார்கள். பீரங்கி, துப்பாக்கி, குழி மூன்றுக்கும் பொது அந்த மருந்துதான். மு. அவர்கள் தெரியாமலே சரியான சொல்லைக் கொடுத்திருக்கிறார். 'கருமருந்துப் பேரரசு' என்றால் ஜெலட்டின் காலத்தோடு குழம்பாது. என் 'பீரங்கி'யைத் திரும்பப் பெறுகிறேன்.
– க.

---

எல்லோருக்கும் நன்றி. ஒரே பீரங்கி என்று எழுதிய வரியையும் திருத்திவிட்டேன். இன்னொரு சந்தேகம். சால்டிரானில் சஃபாவிய அரசர் ஷா இஸ்மாயில் பீரங்கியே இல்லாமல் சண்டையிட்டுத் தோற்றார். சஃபாவியரையும் அந்தப் பெயரில் அடக்கலாமா?
– வா.

---

தம்பி, தோற்றபின் அவர்களும் கற்றுக்கொண்டார்கள். பின்னால் வந்த ஷா அப்பாஸ் காலத்தில் துப்பாக்கிப் படையும் பீரங்கிப் படையும் இருந்தன. ஆனால் அந்த அரசு உருவானது குதிரை வீரர்களால். மூன்றையும் ஒரே பெயரில் கட்டுவதை ஆங்கிலத்திலேயே பலர் மறுக்கிறார்கள். சொல்லைத் தமிழாக்குங்கள், அந்த மறுப்பை அதே பக்கத்தில் எழுதுங்கள்.
– க.

---

கருமருந்து என்பது எங்கள் தொழிலில் பேச்சு வழக்கு. அகராதியில் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். செஞ்சிக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.
– மு.

---

சொல்லை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வருஷத்தை ஒரு வரியாவது எழுதுங்கள்.
– செ.