புதுப்பிப்பு: அம்மாவின் தைப்பூச விரதம், டர்பன்

"சர்க்கரை மாத்திரை போடும் அம்மா பால்குடம் முடியும்வரை பட்டினி இருப்பார். எப்போது நிறுத்தச் சொல்வது?" என்று கேட்டிருந்தேன்.

செவிலியர் அக்கா சொன்ன வரம்பையே பிடித்துக்கொண்டோம்: மீட்டரில் 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ, உடம்பு நன்றாக இருந்தாலும் விரதம் அங்கேயே முடிவு. "மயக்கம் வந்தால் மட்டும் பாருங்கள்" என்று அண்ணன் சொன்னது பாதி சரி. அம்மாவுக்குப் பல நேரம் அறிகுறியே தெரிவதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடும் தமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றார் இன்னொருவர். அம்மா போடுவது கிளிக்லாசைடு. வயிறு காலியாக இருந்தாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

காலை 10 மணிக்கு 5.4. நண்பகலில் 9.8! பட்டினியில் இப்படி ஏறுமா என்று விரலைப் பார்த்தேன். பஞ்சாமிர்தம் பிசைந்த பிசுபிசுப்பு. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து மறுபடி குத்தினால் 3.6. நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடத்தில் 5.1. மறுபடி இறங்காமலிருக்க உடனே தயிர்சாதம்.

அடுத்த ஆண்டு விரத நாளில் மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. நேர்த்திக்கடனைக் கெடுத்தேன் என்று அம்மா என்னிடம் பேசுவதில்லை.