650 வாட் போதும் என்று கணக்குப் போட்டேன், கேம் மெனுவிலேயே அணைந்துவிட்டது

நள்ளிரவு_ஆட்டம்

பழைய ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்று நண்பரிடமிருந்து நல்ல விலைக்குக் கிடைத்தது. பிராசசர் ரைசன் 5 5600எக்ஸ். பவர் சப்ளை ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய 650 வாட் கோல்டு. கார்டை மாட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். கார்டு 320, பிராசசர் மிஞ்சிப்போனால் 76, போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 446. இருநூறு வாட் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி டப் என்று அணைந்தது. நீலத்திரை இல்லை, முன்னால் ஒரு தடுமாற்றமும் இல்லை. பட்டனை அழுத்தினாலும் உயிர் வரவில்லை. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போட்டால்தான் எழுந்தது. Event Viewer-இல் `Kernel-Power 41` மட்டும்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், அசையவில்லை. கேம் மெனுவில் சும்மா நிற்கும்போது அணைகிறது. சுவர் பிளக்கில் மீட்டர் வைத்தும் பார்த்தாயிற்று, 460ஐத் தாண்டவே இல்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கோவை_கேமர்

ப்ரோ, இது சிம்பிள். பவர் சப்ளை பாதி லோடில் ஓடும்போதுதான் எஃபிஷியன்சி அதிகம். அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு வாங்க வேண்டும். நான் 450 வாட் சிஸ்டத்துக்கு 1000 வாட் கோல்டு போட்டேன், இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. கரண்ட் பில்லும் மிச்சம்.

ஓமலூர்_அக்கா

எனக்கும் இதேதான் தம்பி! கரண்ட் போன அடுத்த நொடியே சிஸ்டம் அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. கடைசியில் பார்த்தால் அது 600 விஏ, அதில் 360 வாட்தான் வருமாம். கேம் ஓடாதபோது தாங்குகிறது, கேம் ஓடும்போது கையை விரித்துவிடுகிறது. 1000 விஏவுக்கு மாறினேன், சரியாகிவிட்டது.

நள்ளிரவு_ஆட்டம்

அக்கா, எனக்குக் கரண்ட் இருக்கும்போதே அணைகிறது. யுபிஎஸ்ஸைக் கழற்றி நேராகச் சுவரில் மாட்டியும் பார்த்துவிட்டேன்.

ஈயப்புகை

பின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. கேமோ டிரைவரோ கிராஷ் ஆனால் இப்படி நடக்காது.

ஃபர்மார்க் ஓடியதும் மெனுவில் விழுந்ததும் வேடிக்கை இல்லை. ஃபர்மார்க் கார்டை 320இல் பிடித்து அப்படியே நிறுத்தி வைக்கும். மெனுவில் ஃப்ரேம் கட்டுப்பாடு இல்லையென்றால் கார்டு ஒரு கணம் சும்மா இருக்கும், அடுத்த கணம் முழு மூச்சில் பாயும். 320 என்பது சராசரி. சில மில்லி விநாடிக்குள் அந்தத் தலைமுறைக் கார்டு அதைப்போல ஒன்றரை மடங்குவரை இழுத்துவிட்டு இறங்கும். உங்கள் சுவர் மீட்டர் விநாடிக்கு ஒரு தடவை எண்ணைக் காட்டுகிறது, அதன் கண்ணில் அந்தப் பாய்ச்சல் படவே படாது.

இன்னொன்று. மீட்டரில் 460 என்றால் உள்ளே போவது 460 இல்லை. கோல்டு என்று பத்து சதவீதம் கழித்தால் சுமார் 415தான். பெட்டியில் எழுதியிருக்கும் 650 அது வெளியே தருவது, சுவரிலிருந்து இழுப்பது இல்லை.

முதலில் ஒரு சோதனை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கார்டின் வரம்பை 260 வாட்டுக்கு இறக்கும் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
nvidia-smi -pl 260
```

ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், பயம் வேண்டாம். இரண்டு வாரம் இப்படியே விளையாடுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் பவர் சப்ளை பக்கம்தான். கார்டுக்கு எத்தனை கேபிள் போகிறது என்றும் பாருங்கள்.

கோவை நண்பரே, பாதி லோடு விஷயம் உண்மைதான், ஆனால் அதில் காசு இல்லை. 80 பிளஸ் கோல்டுக்கு 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் 90 சதவீதம், முழு லோடில் 87. நீங்கள் 400 வாட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாதி லோடில் சுவரிலிருந்து 444 போகும், முக்கால் லோடில் 449 போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட இல்லை. புரோன்ஸ் தரத்துக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசமே அதே கணக்கில் மாதம் மூன்று யூனிட் சொச்சம்தான். பெரிய பவர் சப்ளை வாங்க நியாயமான காரணம் ஃபேன் சத்தமும் இந்தப் பாய்ச்சலும்தான், பில் இல்லை.

கோவை_கேமர்

சரி, பில் விஷயம் விட்டுவிடுகிறேன். ஆனால் 1000 போட்டதால் எனக்கு அணையவில்லையே, அது உண்மைதானே!

கடைவீதி_குமார்

கோல்டு என்று ஸ்டிக்கர் இருந்தால் பாய்ச்சலையும் தாங்கும் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்தேன். சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும்போது கேபினட்டோடு வந்த ‘500 வாட்’ எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 500. கீழே பொடி எழுத்தில் +12V என்ற கட்டத்தில் 18A. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி எண்ணெல்லாம் ஒப்புக்குக் கூட்டியது. அன்றிலிருந்து வாட்டைப் பார்ப்பதில்லை, அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

ஈயப்புகை

நல்ல பழக்கம். 80 பிளஸ் சோதனை நிலையான லோடில், 23 டிகிரி அறையில் நடக்கிறது. சுவரிலிருந்து எடுத்ததில் எவ்வளவு வீணானது என்பதைத்தான் அது சொல்லும். பாய்ச்சலைப் பற்றி அது பேசுவதே இல்லை. அதைப் பேசுவது 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0. அதன்படி செய்த பவர் சப்ளை, எழுதியிருக்கும் வாட்டைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும்.

நள்ளிரவு_ஆட்டம்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 260இல் ஒரு தடவைகூட அணையவில்லை. கேமில் ஏழெட்டு ஃப்ரேம் குறைந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கேபிளைப் பார்த்தேன் அண்ணா. பவர் சப்ளையிலிருந்து ஒரே கேபிள், நுனியில் இரண்டு எட்டு பின் தலை. அதைத்தான் கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் சொருகியிருந்தேன். இரண்டு தனிக் கேபிளாக மாற்றி, 320க்குத் திரும்பினேன். மூன்று நாள் நன்றாக ஓடியது, நாலாம் நாள் மறுபடி டப்.

ஈயப்புகை

கேபிள் மாற்றியதும் கொஞ்ச நாள் தாங்கியது என்றால், ஒரே சாக்கெட்டில் ஏறிய சுமையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. 480உம் மற்றதும் சேர்த்தாலே 606தான் வருகிறது, 650க்குள். அப்படியும் விழுகிறது என்றால் இந்த மாடலின் பாதுகாப்புச் சுற்று அளவுக்கு மீறி உஷாராக இருக்கலாம், அல்லது ஐந்து வருடத்தில் கெப்பாசிட்டர் களைத்திருக்கலாம். திறந்து அளக்காமல் எது என்று நான் சொல்ல மாட்டேன்.

நானாக இருந்தால் இந்தக் கார்டுக்கு 750 நல்லது போடுவேன், 850 சும்மா கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்விடியாவே 3080க்கு 750 என்றுதான் சொல்லியிருக்கிறது.

கடைவீதி_குமார்

நான் மாற மாட்டேன். 260இல் ஓடுகிறதே, ஏழு ஃப்ரேமுக்காக யார் காசு போடுவது?

நள்ளிரவு_ஆட்டம்

தம்பி ஒருத்தன் 750 வாட் ஏடிஎக்ஸ் 3.0 ஒன்றை ஞாயிற்றுக்கிழமை கடன் தருகிறான். வயரிங் எல்லாம் என் பழைய கேபிளே இருக்கிறது, பெட்டியை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன்.

ஈயப்புகை

ஐயோ, வேண்டாம்! மாடுலர் கேபிளில் பவர் சப்ளை பக்கத்து முனை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சொருகினால் கச்சிதமாகப் போய் உட்காரும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்து எஸ்எஸ்டியைக் கொன்றுவிடும். அவனுடைய கேபிள் அத்தனையையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_ஆட்டம்

இப்போதே போன் பண்ணுகிறேன்.