புதுப்பிப்பு: மணிக்கட்டணத்தில் பெஞ்ச் நேரம்

"ஆறு டெவலப்பர்கள், மாதச் செலவு 6 லட்சம். மணிக்கு 625 ரூபாய் வாங்கியும் ஏன் கையைக் கடிக்கிறது?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

மாட்டுத்தாவணி அருகேயுள்ள எங்கள் அலுவலகத்தின் டைம்ஷீட்டுகளைப் புரட்டியபோது, வாடகையும் ஜெனரேட்டர் டீசலும் அந்த 6 லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருந்தாலும், மாதத்தின் 960 மணி நேரத்தில் சராசரியாக 672 மட்டுமே பில் ஆகியிருந்தது தெரிந்தது. பில் ஆகாமல் சும்மா போகும் பெஞ்ச் நேரம் 30 சதவீதம் என்பதால், 625-உடன் அதே 30 சதவீதத்தைக் கூட்டச் சொன்ன நண்பர் பாதி சரி. 812 ரூபாய் வீதம் 672 மணிக்கு 5.46 லட்சமே வரும். ஆடிட்டர் அக்கா சொன்னபடி 625-ஐ 0.7-ஆல் வகுத்தால்தான் செலவை ஈடுகட்டும் 893 கிடைக்கிறது, அதிலும் லாபம் சேரவில்லை. பழைய வாடிக்கையாளரோ 750-க்கு மேல் நகர மறுக்கிறார். அவரை விட்டால் பெஞ்ச் இன்னும் கூடும் என்பதால் நான் முடிவெடுக்கவில்லை.